பத்தாயிரம் ரூபாயை எங்கே போடுவது?

திருச்சி கே.கே. நகரில் ஒரு கணவன், மனைவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் ஆர்.ஓ. வாட்டர் பில்டர் பழுது பார்க்கிறார். மனைவி வீட்டிலேயே ஆரி வேலைப்பாடு செய்து கல்யாண பிளவுஸ் தைக்கிறார். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வைத்து ஒரு மாதம் இணையத்தில் விளம்பரம் செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். “கூகுள்ல போடுவோம், நாலு பேரு தேடிட்டு வருவான்” என்கிறார் அவர். “இன்ஸ்டாகிராம்ல போடுங்க, என் பிளவுஸைப் பார்த்தாதான ஆசை வரும்” என்கிறார் அவர் மனைவி.

இரண்டு பேர் சொல்வதும் சரி. அவரவர் தொழிலுக்கு மட்டும் சரி. இடத்தை மாற்றிப் போட்டால் இருபதாயிரமும் போகும், போனது எதனால் என்றும் இருவருக்கும் தெரியாது.

இணைய விளம்பரத்தைப் பொதுவாக நான்காகப் பிரிப்பார்கள். கூகுளில் எதையாவது தட்டித் தேடும்போது முடிவுகளோடு வருவது தேடல் விளம்பரம். பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் நண்பர்களின் படங்களுக்கு நடுவே வருவது சமூக ஊடக விளம்பரம். செய்தித் தளத்திலும் செல்போன் செயலிகளிலும் ஓரத்தில் கட்டமாக நிற்பது டிஸ்பிளே. யூடியூபில் பாட்டுக்கு முன்னால் ஓடுவது வீடியோ. இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தொழில்நுட்பத்தில் இல்லை. விளம்பரம் கண்ணில் படும் அந்த நொடியில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில் இருக்கிறது. ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பொழுதுபோக்கிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார். நான்காமவர் பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தார். எதற்குப் பணம் பிடிக்கிறார்கள் என்பதும் இதை ஒட்டியே மாறும்.

முதலில் கணவரின் தொழிலை எடுத்துக்கொள்வோம். பில்டரில் தண்ணீர் வரவில்லை, வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்த வீட்டுக்காரர் செல்போனை எடுத்து “ஆர்.ஓ. சர்வீஸ் திருச்சி” என்று தட்டுகிறார். ஆசையைத் தூண்ட வேண்டிய வேலை இங்கே கிடையாது, அவசரம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நிமிடத்தில் நம் எண் கண்ணில் பட்டால் போதும்.

கூகுள் இந்த வகை விளம்பரத்தை 2000ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது அதன் பெயர் ஆட்வேர்ட்ஸ், 2018இல் கூகுள் ஆட்ஸ் ஆயிற்று. ஒவ்வொரு முறை யாராவது தேடும்போதும் உள்ளே ஒரு ஏலம் நடக்கிறது. அந்தச் சொற்களுக்கு விளம்பரம் கொடுத்திருப்பவர்கள் ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார் என்பதைக் கூகுள் பார்க்கிறது. கூடவே, விளம்பரம் தேடிய சொல்லுக்குப் பொருத்தமாக இருக்கிறதா, கிளிக் செய்தால் திறக்கும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்றும் பார்க்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் யார் மேலே, யார் கீழே என்பது முடிவாகும். அதனால் அதிகப் பணம் சொன்னவர்தான் முதலில் வருவார் என்பதில்லை. வழக்கமாக, விளம்பரத்தை யாராவது தொட்டால்தான் பணம் பிடிப்பார்கள். பார்த்துவிட்டுப் போனால் செலவில்லை.

இப்போது கணக்கு. பத்தாயிரம் ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, இதைப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அது போக விளம்பரத்துக்குக் கிடைப்பது சுமார் 8,475 ரூபாய். ஒரு நாளைக்கு 275 ரூபாய் என்று பட்ஜெட் போடலாம். ஒரு நாள் 500 ரூபாய்க்கு மேல் போய்விட்டதே என்று பதற வேண்டாம். தேடுகிறவர்கள் அதிகமுள்ள நாளில் தினசரித் தொகையின் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கும், மந்தமான நாளில் குறைத்துக்கொள்ளும். மாத மொத்தம் தினசரித் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது.

ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான விலை ஊரையும் போட்டியையும் பொறுத்தது, கூகுளின் Keyword Planner என்ற இலவசக் கருவி ஓர் உத்தேசம் காட்டும். 20 ரூபாய் என்றால் மாதம் 420 கிளிக் வரும். பத்தில் ஒருவர் போன் செய்தால் 42 அழைப்பு. அதில் பாதி வேலையாக மாறினால் 21 வேலை. ஆக, ஒரு வேலையைப் பிடிக்க விளம்பரச் செலவு 476 ரூபாய். பொருள் செலவு போக ஒரு வேலையில் கையில் ஆயிரம் ரூபாய் நின்றால் இது லாபம்தான். அந்த வாடிக்கையாளர் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்தக் கணக்கு உடைகிற இடம் ஒன்று இருக்கிறது. “ஆர்.ஓ. சர்வீஸ்” என்று நாம் கீவேர்டு கொடுத்ததும், அதே சொல்லைத் தட்டியவருக்கு மட்டும்தான் விளம்பரம் போகும் என்று நினைப்போம். சும்மா கொடுத்தால் கூகுள் அதைத் தளர்வாகவே எடுத்துக்கொள்ளும், அதற்குப் பெயர் Broad match. அதற்குத் தொடர்புடையது என்று தோன்றும் எதற்கும் விளம்பரத்தைக் காட்டும். ஆர்.ஓ. டெக்னீஷியன் வேலை தேடுகிறவர், ஆர்.ஓ. மெக்கானிக் படிப்பு தேடுகிறவர், புது மெஷின் விலை பார்க்கிறவர், ஏதோ ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேர் எண் தேடுகிறவர், ஆர்.ஓ. தண்ணீர் உடம்புக்கு நல்லதா என்று கேட்கிறவர் எல்லாரும் வந்து தொடுவார்கள். தொட்டால் 20 ரூபாய். கிளிக்கில் பாதி இப்படிப் போனால் வேலை பத்தாகக் குறையும், ஒரு வேலைக்கான செலவு ஆயிரம் ஆகும். லாபம் அங்கேயே கரைந்துபோகும். திரையில் பார்த்தால் கிளிக் எண்ணிக்கை அப்படியே 420, எல்லாம் நன்றாக நடப்பது போலவே இருக்கும்.

இதைப் பிடிப்பது எளிது. Search terms என்றொரு பட்டியல் கணக்கிலேயே இருக்கிறது. மக்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்பதை அது பெருமளவுக்குக் காட்டும். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் டீ குடிக்கிற நேரத்தில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பு, கோர்ஸ், விலை என்று வருகிற சொற்களை எல்லாம் “இவற்றுக்குக் காட்டாதே” என்கிற Negative keywords பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். கீவேர்டையும் கட்டிக் கொடுக்கலாம். மேற்கோள் குறி போட்டால் அந்தப் பொருள் அடங்கிய தேடலுக்கு மட்டும், சதுர அடைப்புக் குறி போட்டால் ஏறக்குறைய அதே பொருளில் தேடுகிறவருக்கு மட்டும் விளம்பரம் போகும்:

```
"ro service trichy"
[ro service near me]
```

அமைப்பில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும். தேடல் விளம்பரத்தைத் தொடங்கும்போதே Display Network என்ற பெட்டியில் டிக் போட்டு வைத்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள், காரணம் பிறகு வருகிறது. அடுத்தது ஊர். திருச்சி என்று கொடுத்தாலும், தானாக இருக்கும் அமைப்பு திருச்சியில் இருப்பவர்களோடு திருச்சியில் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும். Presence என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஊருக்குள் இருப்பவர்கள் அல்லது வழக்கமாக அங்கே வந்துபோகிறவர்களோடு நிற்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்காகச் சிங்கப்பூரிலிருந்து மகன் பில்டர் சர்வீஸ் தேடுவது நம் ஊரில் நடக்கிற கதைதான். அந்த வாடிக்கையாளர்கள் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சிறு தொகை ஒதுக்கலாம், முதல் மாதத்தில் வேண்டாம்.

போன் எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் ஓடக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் இரவு பதினொன்றுக்கு வந்த அழைப்பைத் தவறவிட்டுவிட்டு “கூகுள் சரியில்லை” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை என்று நேரம் வைக்க வசதி இருக்கிறது.

இனி மனைவியின் தொழில். ஆரி பிளவுஸைக் கூகுளில் தேடுகிறவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிலின் பெரிய பங்கு வேறு வழியில் வருகிறது. கல்யாணம் நிச்சயமான பெண் இன்ஸ்டாகிராமில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓர் ஊசி துணிக்குள் இறங்கி ஏறுகிறது, முத்து ஒன்றன்பின் ஒன்றாக உட்காருகிறது, கழுத்து வளைவில் ஒரு மயில் உருவாகிறது. இருபது நொடி. பார்த்த பிறகுதான் இப்படி ஒன்று தைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. அதற்கு முன் அவள் தட்டித் தேடுவதற்குக் கையில் சொல்லே இல்லை. அவளிடம் போக வேண்டுமென்றால் அவள் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் மெட்டா நிறுவனத்துடையவை, ஒரே கணக்கிலிருந்து இரண்டிலும் விளம்பரம் கொடுக்கலாம். இங்கே சொற்களை வாங்குவதில்லை, ஆட்களை வாங்குகிறோம். கே.கே. நகரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், பெண்கள், இந்த வயது என்று சொல்லலாம். பணம் பெரும்பாலும் காட்டிய எண்ணிக்கைக்குத்தான் பிடிக்கிறார்கள். யாரும் தொடாவிட்டாலும் செலவு ஓடும். ஆகவே தேடல் விளம்பரத்தில் சொற்களுக்கு இருக்கும் இடம் இங்கே படத்துக்கு இருக்கிறது. படம் நிற்கவைக்கவில்லை என்றால் மற்ற எதுவும் காப்பாற்றாது. பட்டுப்புடவை கட்டிய மாடலின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போடுவதைவிட, தன் கையில் ஊசி ஓடுவதை ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்தது நன்றாக ஓடும்.

புதியவர்கள் முதலில் தொடுவது பதிவுக்குக் கீழே நீல நிறத்தில் இருக்கும் Boost post பொத்தான். அதில் தவறில்லை, எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து அழுத்த வேண்டும். மெட்டா நாம் கேட்டதைத்தான் கொண்டுவந்து கொடுக்கும். லைக், கமென்ட் வேண்டும் என்கிற குறிக்கோளோடு கொடுத்தால், எதற்கும் லைக் போடுகிற பழக்கமுள்ளவர்களாகப் பார்த்துக் காட்டும். ஆயிரம் லைக் வரும், ஒரு பிளவுஸும் விற்காது. வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்க வேண்டும் என்ற குறிக்கோளைத் தேர்ந்தெடுத்தால், அப்படிப் பேச வாய்ப்புள்ளவர்களைத் தேடிக் காட்டும்.

அதே 8,475 ரூபாய். ஒரு வாட்ஸ்அப் உரையாடலுக்கு 35 ரூபாய் என்று வைத்தால் 240 உரையாடல் வரும். அவற்றில் பாதி “பிரைஸ்?” என்று ஒரே ஒரு சொல்லோடு நின்றுபோகும். சில பேர் கை தவறித் தொட்டிருப்பார்கள். இருபதில் ஒருவர் தைக்கக் கொடுத்தால் 12 ஆர்டர், ஓர் ஆர்டருக்குச் சுமார் 830 ரூபாய். பிளவுஸ் 4,500 ரூபாய், செலவு போக 2,300 நிற்கிறது என்றால் தாங்கும். ஐம்பதில் ஒருவர்தான் என்றால் ஐந்து ஆர்டர்கூடத் தேறாது, செலவு ஆர்டருக்கு 2,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

இருபதில் ஒன்றா, ஐம்பதில் ஒன்றா என்பதைப் பெரும்பாலும் ஒரே விஷயம் தீர்மானிக்கிறது. விளம்பரத்திலேயே “ரூ. 3,500 முதல்” என்று போட்டுவிடுவது. போட்டவுடன் உரையாடல் எண்ணிக்கை குறையும். ஓர் உரையாடலின் விலை 35இலிருந்து 60, 70 என்று ஏறுவதைப் பார்த்து, விளம்பரம் கெட்டுவிட்டது என்று எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இப்போது வருகிறவர்கள் விலை தெரிந்து வருகிறவர்கள். பார்க்க வேண்டியது ஆர்டருக்கு எவ்வளவு ஆயிற்று என்பதை. திரை அதைத் தானாகக் காட்டாது, எத்தனை பேர் துணி கொடுத்தார்கள் என்பது மெட்டாவுக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

மாதமும் முக்கியம். ஆடியில் கல்யாணம் இல்லை என்று நினைத்து விளம்பரத்தை நிறுத்துவது தவறு. ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி எடுப்பது ஆடியில்தான் நடக்கிறது. தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் தைக்கக் கொடுத்தாக வேண்டும். ஆரி வேலைக்கு நாளாகும் என்பதால், முகூர்த்தம் தொடங்கிய பிறகு வருகிற விசாரிப்பை ஏற்றுக்கொள்ளவும் முடியாது. தேடல் விளம்பரத்தில் இந்தத் தலைவலி இல்லை. பில்டர் எந்த மாதமும் பழுதாகும்.

சமூக ஊடகத்தில் இன்னொன்று: ஒரே படம் சீக்கிரம் பழசாகிவிடும். ஓர் ஊரில் சிறு வட்டத்துக்குள் காட்டும்போது அதே முகங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. Frequency என்ற எண் ஓர் ஆள் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்று சொல்லும். அது மூன்று, நான்கைத் தாண்டி ஏறிக்கொண்டே போக, உரையாடலின் விலையும் கூடவே ஏறினால் புதுப் படம் எடுக்க வேண்டிய நேரம். அதற்காக முதல் நாளே ஐந்து விதமான ஆட்களுக்கு ஐந்து பிரிவாகப் பிரித்துச் சோதிக்க வேண்டாம். மெட்டாவின் கணினி ஒரு பிரிவுக்கு வாரத்தில் சுமார் 50 விளைவு கிடைத்தால்தான் யாருக்குக் காட்டுவது என்று பழகும். 240 உரையாடலை ஐந்தாகப் பிரித்தால் எந்தப் பிரிவும் அந்த எண்ணிக்கையை எட்டாது. ஒரே பிரிவு, அதில் இரண்டு மூன்று வீடியோ, அது போதும்.

மூன்றாவது வகைதான் வயதில் மூத்தது. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற அமெரிக்க இணைய இதழில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் போட்ட பட்டை விளம்பரத்தை இணைய பேனர்களின் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று லட்சக்கணக்கான தளங்களிலும் செயலிகளிலும் கூகுள் வழியாகக் கட்டங்கள் விற்கப்படுகின்றன. மலிவு. 20 ரூபாய் கிளிக்கைப் பார்த்தவருக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் கிளிக்கைக் காட்டினால் கண் விரியத்தான் செய்யும்.

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. இதைப் பார்ப்பவர் நம்மைப் பார்க்க வந்தவர் இல்லை. “பார்த்தார்” என்பதற்கான தொழில்துறை அளவுகோலே, கட்டத்தின் பாதி திரையில் ஒரு நொடி இருந்தால் போதும் என்பதுதான். கண் அங்கே போனதா என்று யாருக்கும் தெரியாது. கிளிக்குகளில் கணிசமானவை செல்போன் விளையாட்டுகளிலிருந்து வருகின்றன. மூடுகிற பெருக்கல் குறியைத் தொடப்போய்ப் பட்டது சில, அம்மாவின் போனில் குழந்தை விளையாடும்போது பட்டது சில. நம் கட்டம் எங்கெங்கே வந்தது என்ற பட்டியலைத் திறந்தால் டார்ச் லைட் செயலியும் பலூன் உடைக்கும் விளையாட்டும் வரிசையாக நிற்கும். ஐந்நூறு கிளிக், பக்கத்தில் இரண்டு நொடிகூட இல்லாமல் திரும்பிப் போனவர்கள், அழைப்பு சுழியம் என்று இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. தேடல் விளம்பரத்தில் அந்த டிக்கை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

டிஸ்பிளே உருப்படியாக வேலை செய்கிற ஓர் இடம் உண்டு. ஏற்கெனவே நம் தளத்துக்கு வந்து போனவரைப் பின்தொடர்ந்து நினைவூட்டுவது, ரீமார்க்கெட்டிங். வீட்டு மனை, சோலார் பேனல், பள்ளி அட்மிஷன் என்று வாரக்கணக்கில் யோசித்து வாங்கும் பொருளுக்கு இது பொருந்தும். அதற்கும் முதலில் ஆட்கள் வந்திருக்க வேண்டும், பட்டியலில் குறைந்தது நூறு பேராவது சேர்ந்தால்தான் கூகுள் அதை ஓடவிடும். நம் பில்டர்காரருக்கு இதனால் பயன் இல்லை. அவரைக் கூப்பிடாமல் போனவர் அரை மணி நேரத்தில் வேறொருவரைக் கூப்பிட்டிருப்பார். பிறகு இரண்டு வாரம் அவர் பின்னால் ஓடி என்ன ஆகப்போகிறது?

வீடியோவில் ஒரு விசித்திரமான சலுகை இருக்கிறது, அது புதியவர்களுக்குத் தெரிவதில்லை. யூடியூபில் ஐந்து நொடிக்குப் பிறகு தாண்டிப்போகும் வசதி 2010இல் வந்தது. பார்வைக்குப் பணம் என்ற முறையில் கொடுத்தால், 30 நொடி வரை பார்த்தாலோ, விளம்பரமே அதைவிடச் சிறியது என்றால் முழுதும் பார்த்தாலோ, அல்லது தொட்டாலோதான் பணம். ஆறாவது நொடியில் தாண்டியவருக்குச் செலவு இல்லை. அப்படியானால் முதல் ஐந்து நொடியில் புதிர் போட்டு ஆட்களை இழுத்துப் பிடிப்பது சிறு வியாபாரிக்கு நஷ்டம். “திருச்சியில் கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறோம், 3,500 ரூபாயிலிருந்து” என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டால் தேவையில்லாதவர் செலவு வைக்காமல் போய்விடுவார். பெரிய நிறுவனங்கள் வேறு மாதிரி யோசிக்கும், அவர்களுக்குப் பெயர் எல்லார் மனதிலும் பதிய வேண்டும். தாண்டவே முடியாத ஆறு நொடி விளம்பரம் அவர்களுக்கானது. அதில் காட்டிய எண்ணிக்கைக்குப் பணம்.

வீடியோவின் எல்லை அளப்பதில் இருக்கிறது. இப்போது யூடியூபைப் பெரிய டி.வி.யில் குடும்பமாகப் பார்க்கிற வீடுகள் அதிகம். டி.வி. திரையைத் தொட்டுப் போன் செய்ய முடியாது. பார்த்தவர் பத்து நாள் கழித்துக் கடைப் பெயரைக் கூகுளில் தட்டி வருவார், அல்லது வரமாட்டார். அந்தப் பலன் தெரிய மாதங்களும் கொஞ்சம் பெரிய தொகையும் வேண்டும். புதுக் கல்யாண மண்டபம் திறக்கிறோம், ஓடவிட்டுக் காட்டினால்தான் புரியும் ஒரு மெஷின் விற்கிறோம் என்றால் யோசிக்கலாம். பத்தாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு முதல் மாதமே இங்கே வருவதை நான் சொல்ல மாட்டேன். அந்த இருபது நொடி ஊசி வீடியோவை யூடியூபில் ஷார்ட்ஸாக இலவசமாகப் போட்டு வைக்கலாம், அது வேறு.

இவற்றில் தேடல், டிஸ்பிளே, வீடியோ மூன்றையும் ஒரே கூடையில் போட்டு, “எங்கே காட்டுவது என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று கூகுள் தருகிற Performance Max என்ற வகையும் இருக்கிறது. கணக்கு தொடங்கும்போதே புதியவரை இப்படித் தானியங்கி வழிக்குத் தள்ளும். உண்மையான ஆர்டர் விவரம் மாதக்கணக்கில் கணக்கில் சேர்ந்திருந்தால் அது நன்றாகவே ஓடும். விவரம் எதுவும் இல்லாதபோது மலிவான இடங்களுக்கு ஓடும், எங்கே ஓடியது என்பதையும் முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு இது முதல் படி இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வேடிக்கை நடக்கும். கூகுள் 15 அழைப்பு என்னால் வந்தது என்று சொல்லும், மெட்டா 12 என்று சொல்லும், மொத்தம் வந்ததோ 19. ஒரு பெண் இன்ஸ்டாகிராமில் வீடியோவைப் பார்த்து, மறுநாள் கடைப் பெயரைக் கூகுளில் தட்டி, அங்கே வந்த விளம்பரத்தைத் தொட்டுப் பேசியிருப்பாள். இருவருமே அவளைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளுக்குள்ளோ, வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள்ளோ நடந்ததைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வது மெட்டாவின் வழக்கமான அமைப்பு. பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் கூட்டினால் தப்பு. போன் எடுக்கும்போது “எங்கே பார்த்தீங்கம்மா?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பதுதான் இந்த அளவிலான தொழிலுக்கு நம்பகமான கணக்கு.

தன் கடைப் பெயருக்கே பணம் கட்டலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். 2012இல் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே கீழே இருந்த இலவச முடிவைத் தொட்டு வந்துசேர்ந்தார்கள். பெயர் தெரிந்து தேடுகிறவர் எப்படியும் வருவார் என்றுதான் ஆகிறது. ஆகையால் கூகுளின் வரைபடத்தில் கடையை இலவசமாகப் பதிந்து, போன் எண்ணும் நேரமும் சரியாகப் போட்டு வைப்பதைச் செலவு தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். போட்டிக்காரர் நம் பெயருக்கு விளம்பரம் கொடுத்து மேலே நிற்கிறார் என்றால் மட்டும் கணக்கு மாறும்.

இனி, போட்ட இடத்திலிருந்து பணத்தை எப்போது நகர்த்துவது? பில்டர்காரர் நன்றாக ஓடுகிறது என்று பத்தாயிரத்தை இருபதாயிரம் ஆக்குகிறார். அழைப்பு இரட்டிப்பாகவில்லை, கொஞ்சம்தான் கூடுகிறது. திருச்சியில் ஒரு மாதத்தில் ஆர்.ஓ. சர்வீஸ் தேடுகிறவர்கள் இவ்வளவு பேர்தான், பணம் கூட்டியதால் யார் வீட்டு பில்டரும் பழுதாகாது. Search impression share என்ற எண் இதைச் சொல்லிவிடும். நம் விளம்பரம் வரத் தகுதியான தேடல்களில் எத்தனை சதவீதத்தில் வந்தது என்பது அது. 40 என்று இருந்தால் இன்னும் இடம் இருக்கிறது, பணம் போடலாம். 80, 90 என்று ஆகிவிட்டால் அங்கே இன்னும் கொட்டிப் பயனில்லை. அப்போது அந்த அடுத்த பத்தாயிரத்தை எடுத்து, பழைய பில்டரைத் திறந்து உள்ளே படிந்திருக்கும் அழுக்கைக் காட்டுகிற ஒரு வீடியோவை எடுத்து, “கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்டு, மனைவி போடுகிற இடத்திலேயே அவரும் போட்டுப் பார்க்கலாம். வருகிற அழைப்பு இன்றே வரச் சொல்லாது, அடுத்த வாரம் வாங்க என்று சொல்லும். போன் எடுக்கிறவர் அதற்குத் தகுந்த மாதிரி பேசப் பழக வேண்டியிருக்கும்.